நான்கு ஊர்களில் விலைபோகாத காகிதம்

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 3எம் நிறுவனம் நான்கு நகரங்களில் ஒரு புதிய பொருளைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தது. பின்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகப் பசை தடவிய சின்னக் காகிதக் கட்டு. 'பிரஸ் அண்ட் பீல்' என்று பெயர். விளம்பரம் செய்தார்கள், ஸ்டேஷனரிக் கடைகளில் அடுக்கினார்கள். வாங்க ஆளில்லை. நிறுவனத்துக்குள்ளேயே பலர் இதை எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். குறிப்பு எழுத மேசையில் துண்டுக் காகிதம் சும்மா கிடக்கும்போது அதற்குக் காசு கொடுப்பவன் யார் என்பது அவர்கள் கேள்வி. மூன்று ஆண்டு கழித்து அதே காகிதம் 'போஸ்ட்-இட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. இன்று அது இல்லாத அலுவலகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடாமல் முயன்று வீட்டை விற்றவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புதுப் பொருள் ஒன்று யோசனையாகத் தொடங்கிக் கடைக்கு வருவதற்குள் எத்தனை வாசல்களில் நிற்கிறது, ஒவ்வொரு வாசலிலும் என்ன கேட்கிறார்கள், அங்கே கிடைக்கும் பதிலை எப்படித் தவறாகப் படிக்கிறார்கள் என்பதை இந்தக் காகிதம் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. அதற்காகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பேசிவிடலாம். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனம் 1968-ல் செய்த ஆய்வில், ஒரு வெற்றிப் பொருள் கிடைக்கச் சுமார் 58 யோசனைகள் தேவைப்பட்டன. 1981-ல் அதே நிறுவனம் மறுபடி பார்த்தபோது அது ஏழாகக் குறைந்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் மனிதர்கள் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை. உருப்படாத யோசனைகளை நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே கழிக்கப் பழகியதுதான் அந்தக் குறைவுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

'புதுப் பொருள்களில் 90 சதவீதம் தோற்கின்றன' என்ற வாக்கியத்தை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். சிலர் 95 என்பார்கள். காஸ்டெல்லியன், மார்க்கம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஆதாரம் தேடி, 2013-ல் வெளிவந்த கட்டுரையில், அந்த எண்ணுக்கு அடிப்படையே இல்லை என்று எழுதினார்கள். உண்மையில் கடைக்கு வந்தபின் தோற்பவை சுமார் 40 சதவீதம்தான் என்பது அவர்கள் முடிவு. கடைக்கு வந்த பொருள் தோற்பது ஒன்று, யோசனை தோற்பது வேறு. யோசனைகளில் பெரும்பாலானவை தோற்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வாசல்களை வைத்திருக்கிறார்கள். ஒரு யோசனையைக் கூட்டத்தில் வைத்து நிராகரிக்க ஒரு மத்தியான நேரம் போதும். அதையே இயந்திரம் வாங்கி, பாக்கெட் அச்சடித்து, கடைகளில் நிரப்பியபின் நிராகரித்தால் செலவு கோடிகளில் போய் நிற்கும்.

முதல் வாசல், வடிகட்டல். இங்கே கேட்பது சில எளிய கேள்விகள். இது யாருடைய எந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது? நம்மால் செய்ய முடியுமா? நம்மிடம் இருக்கும் கடைத்தொடர்பில் விற்க முடியுமா? போட்ட பணம் திரும்புமா? நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும். இதில் முதல் கேள்விதான் உயிர். மற்றவற்றில் குறை இருந்தால் சரிசெய்ய வழியுண்டு. முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மீதி மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

3எம்-இன் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் வலுவான பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது நேர்மாறாக இருந்தது. சாதாரணப் பசை காகிதத்தில் ஒரே படலமாகப் பரவி முழுவதும் ஒட்டிக்கொள்ளும். இவருடைய பசையோ மிக நுண்ணிய உருண்டைகளாகவே நின்றது. உருண்டை ஒரு பரப்பைத் தொடுவது ஒரு புள்ளியில்தான். அதனால் ஒட்டும், இழுத்தால் கிழிக்காமல் வந்துவிடும், மறுபடியும் ஒட்டும். சில்வர் இதை ஐந்தாண்டு காலம் நிறுவனத்துக்குள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே இருந்தார். யாருக்கும் பயன் தெரியவில்லை. பலகை முழுக்க இந்தப் பசையைத் தடவினால் குண்டூசி இல்லாமல் அறிவிப்பு ஒட்டலாம் என்பது அப்போது எழுந்த யோசனைகளில் ஒன்று. அது பெரிதாகப் போகவில்லை.

அப்போது ஒரு குழு உட்கார்ந்து இந்தப் பசைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் தோல்வி என்றுதான் எழுதியிருக்கும். அப்படி எழுதுவது சரியும்கூட. சில்வரிடம் இருந்தது ஒரு பொருளின் குணம் மட்டுமே. யாருக்கு, எதற்கு என்பது சேர்ந்தால்தான் அது விற்பனைக்கான யோசனையாகும். நம் ஊர்த் தொழில்முனைவோர் கூட்டங்களில் எழுந்து நின்று பேசுபவர்களில் பாதிப் பேர் சில்வரின் நிலையில்தான் இருக்கிறார்கள். கையில் தொழில்நுட்பம் இருக்கும், அதற்கான ஆளைக் காணோம்.

அந்த ஆள் 1974-ல் கிடைத்தார். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்ட் ஃபிரை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட வேண்டிய பக்கங்களில் அடையாளத்துக்குத் துண்டுக் காகிதம் வைப்பார். எழுந்து நின்று புத்தகத்தைத் திறந்தால் துண்டுகள் கீழே உதிரும். சில்வரின் பசையைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்த அவருக்கு, பக்கத்தில் ஒட்டி நின்று கிழிக்காமல் வரும் அடையாளத் தாள் வேண்டும் என்று தோன்றியது. வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது 3எம்-இல் வழக்கம். அந்த நேரத்தில் இதைத் தொடங்கினார்.

உடனே ஒரு சிக்கல் வந்தது. பசை தன் காகிதத்தில் நிற்காமல் அடுத்த பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதே நிறுவனத்தின் மெரில், கோர்ட்னி என்ற இருவர், பசைக்கு அடியில் பூசும் ஒரு பூச்சைச் செய்து, பசை தன் தாளிலேயே தங்கும்படி ஆக்கினார்கள். இந்தப் பூச்சைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாடல் புத்தகக் கதைதான் சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சு இல்லையென்றால் பொருளே இல்லை.

அடுத்த வாசலில் பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது கருத்துச் சோதனை. பொருள் இன்னும் தயாராகியிருக்காது. ஒரு படம், நான்கு வரி விளக்கம், விலை. இதைச் சில நூறு பேரிடம் காட்டி, 'கட்டாயம் வாங்குவேன்' என்பதிலிருந்து 'கட்டாயம் வாங்க மாட்டேன்' வரை ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். இந்தப் பதில்களை அப்படியே நம்பினால் கெட்டோம். எதிரே உட்கார்ந்து ஒருவர் பணிவாகக் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்ல மனம் வராது. சொல்வதற்குச் செலவும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் மேல்படியில் குறித்தவர்களை மட்டுமே முக்கியமாக எடுத்துக்கொள்வார்கள், அதிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழிப்பது என்பது அந்த வகைப் பொருளை முன்பு விற்ற அனுபவத்தில் தெரிய வேண்டியது.

இந்தச் சோதனைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. மக்கள் ஏற்கெனவே அறிந்த பொருளின் புது வடிவத்தைப் பற்றி ஓரளவு சரியாகச் சொல்வார்கள். எலுமிச்சை வாசனைப் பாத்திரச் சோப்பு வேண்டுமா என்று கேட்டால் பதில் கிடைக்கும். 'லேசாக ஒட்டும் சின்னக் காகிதம் வேண்டுமா' என்று கேட்டால் எதிராளி என்ன சொல்ல முடியும்? குண்டூசியும் கிளிப்பும் மேசையில் இருக்கின்றன, தனக்குச் சிரமம் இருப்பதாகவே அவருக்குத் தெரியாது.

ஃபிரை மாதிரிகளைச் செய்து அலுவலகத்தில் கொடுத்துப் பார்த்தார். அடையாளத் தாளாகக் கொடுத்தபோது சுவாரஸ்யம் குறைவு. ஒரு தாளை வாங்கினால் அதையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஒருநாள் ஓர் அறிக்கையின் மேல் தன் கேள்வியை அந்தத் தாளில் எழுதி ஒட்டி மேலதிகாரிக்கு அனுப்பினார். அவர் பதிலையும் அதே தாளில் எழுதித் திருப்பி அனுப்பினார். இது குறிப்புத் தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எழுதினால் தீரும், தீர்ந்தால் மறுபடி வேண்டும். அதன்பின் கொடுத்தபோது, தீர்ந்தவுடன் ஆட்கள் தாங்களாகவே இன்னொரு கட்டுக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். புதுப் பொருள் செய்பவர் காண ஏங்கும் காட்சி இதுதான்.

ஏன் என்று புரிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது அடுத்த வாசலான வணிகக் கணக்கின் சாரமும்கூட. நீங்கள் பாக்கெட்டில் சிறுதானிய இட்லி மாவு விற்கப் போகிறீர்கள், ஊரில் ஒரு லட்சம் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தால் 40 சதவீத வீடுகளுக்குப் பெயர் தெரியவருகிறது, அதாவது 40,000. அவர்கள் வழக்கமாகப் போகும் கடைகளில் பாதியில்தான் உங்கள் மாவு இருக்கிறது. மிச்சம் 20,000. பெயர் தெரிந்து, கடையிலும் பார்த்தவர்களில் 15 சதவீதம் பேர் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறார்கள், 3,000 வீடு. அவர்களில் 30 சதவீதம் பேர் தொடர்ந்து வாங்குகிறார்கள், 900 வீடு. இந்த 900 வீடு வாரம் எத்தனை பாக்கெட் வாங்கும், ஒரு பாக்கெட்டில் என்ன மிஞ்சும் என்று பார்த்தால் கிரைண்டருக்கு வாங்கிய கடன் கட்டுமா கட்டாதா என்று தெரிந்துவிடும். ஒரு லட்சம் வீட்டில் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கினால் கூட என்று தொடங்கும் கணக்குகள் எல்லாம் இந்த நான்கு பெருக்கல்களை விட்டுவிட்டவை.

இந்தச் சங்கிலியில் ஒருமுறை வாங்குவதும் மறுபடி வாங்குவதும் வெவ்வேறு செய்திகள். ஒருமுறை வாங்க வைப்பது விளம்பரம், பாக்கெட், விலைக் கழிவு. மறுபடி வாங்க வைப்பது பொருள் மட்டுமே. முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது படுத்தால் பொருளில் கோளாறு, விளம்பரத்துக்கு மேலும் செலவழித்தால் ஏமாந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடும். முதல் எண் படுத்து இரண்டாவது உயர்ந்து நின்றால் பொருள் நல்லது, ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. இரண்டும் படுத்திருந்தால் கடையைக் கட்டலாம்.

இப்போது 1977-க்கு வருவோம். சோதனை விற்பனை என்பது கடைசி வாசல். நாடு முழுவதும் இறங்குவதற்கு முன் ஒன்றிரண்டு ஊர்களில் உண்மையான கடையில், உண்மையான விலையில் விற்றுப் பார்ப்பது. ஊரைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை. பெரிய சந்தையின் சின்ன வார்ப்பாக அது இருக்க வேண்டும், உள்ளூர் விளம்பரம் பக்கத்து ஊருக்குக் கசியாததாகவும் இருக்க வேண்டும். வாங்கியவர் அந்தப் பொருளைத் தீர்த்து மறுபடி வாங்க வரும் காலம்வரை காத்திருக்க வேண்டும். மாதம் ஒரு சோப்பு என்றால் மூன்று நான்கு மாதமாவது வேண்டும். பொறுமையில்லாத நிறுவனங்கள் முதல் மாத விற்பனையைப் பார்த்துக் கொண்டாடிவிட்டு, ஆறாவது மாதம் முழிப்பது இங்கேதான். முதல் மாதம் வந்தவர்கள் ஆவலில் வந்தவர்கள்.

3எம்-இன் நான்கு ஊர்களிலும் வந்த விற்பனை எண் மோசம். வழக்கமான நடைமுறைப்படி கோப்பை மூடியிருக்க வேண்டும். ஜெஃப் நிக்கல்சன், ஜோ ரேமி என்ற இரண்டு அதிகாரிகள், சோதனை நடந்த ஊர்களில் ஒன்றான ரிச்மண்டுக்கு நேரில் போனார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, காகிதக் கட்டைக் கையில் கொடுத்து எழுதி ஒட்டிக் காட்டினார்கள். கையில் வாங்கியவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் மூடிய பாக்கெட்டுக்குள் இருந்த காகிதம் எதற்கு என்று யாருக்கும் புரியாததுதான் கோளாறு என்பது அவர்களுக்கு விளங்கியது. விற்பனை எண் காட்டியது ஒருமுறை வாங்குவது நடக்கவில்லை என்பதை மட்டும். மறுபடி வாங்குவார்களா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை பதிலே சொல்லவில்லை, ஏனென்றால் முதல்முறையே யாரும் வாங்கவில்லை. அந்தப் பதில் 3எம் அலுவலகத்துக்குள், மறுகட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

1978-ல் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் சோதனையை வேறு மாதிரி நடத்தினார்கள். அலுவலகங்களுக்கு இலவசக் கட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்குவோம் என்றார்கள். 1980-ல் நாடு தழுவிய விற்பனை தொடங்கியது. இரண்டு சோதனைகளுக்கும் இடையே பசை மாறவில்லை, காகிதத்தின் வேலையும் மாறவில்லை. பொருள் ஆட்களின் கைக்குப் போன வழி மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். போஸ்ட்-இட் கதையைக் கேட்டவர்கள் தங்கள் பொருள் விற்காதபோதெல்லாம் 'மக்களுக்கு இன்னும் புரியவில்லை' என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையிலேயே புரியவில்லையா, பிடிக்கவில்லையா என்று பிரித்தறிய வழியிருக்கிறது. இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தீர்ந்ததும் கேட்டு வருகிறார்களா? நண்பர்களும் உறவினர்களும் கணக்கில் சேரமாட்டார்கள். வராவிட்டால் புரியவைக்க எதுவும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, நிறுத்த வேண்டியதை உள்ளே விட்டுவிடுவது. 1985 ஏப்ரல் 23-இல் கோக கோலா தன் பழைய சுவையை மாற்றிப் புதிய கோக்கை இறக்கியது. சோதிக்காமல் இல்லை. சுமார் இரண்டு லட்சம் பேருக்குச் சுவைக்கக் கொடுத்திருந்தார்கள், பழையதைவிடவும் பெப்ஸியைவிடவும் புதியது பிடித்திருக்கிறது என்ற பதிலும் வந்திருந்தது. ஆனால் அந்தச் சோதனை ஒரு மடக்குக்கான சோதனை. கொஞ்சம் கூடுதல் இனிப்பு ஒரு மடக்கில் ஜெயிக்கும், முழுப் பாட்டிலையும் தினமும் குடிப்பவருக்கு அதுவே திகட்டலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, பழைய கோக் இனிக் கிடைக்காது என்ற நிலையில் இதை வாங்குவீர்களா என்பதைக் கடையில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஓர் ஊரில் விற்றுப் பார்த்தால் ரகசியம் வெளியே போய்விடும், பெப்ஸி முந்திக்கொள்ளும் என்ற பயத்தில் சோதனை விற்பனையைத் தாண்டிப் போனார்கள். கண்டனத் தொலைபேசிகள் குவிந்தன. 79 நாளில் பழைய கோக் 'கிளாசிக்' என்ற பெயரோடு திரும்பி வந்தது.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சோதனை விற்பனை நடக்கும் ஊரில் போட்டி நிறுவனம் திடீரென்று விலையைக் குறைக்கும், தன் விளம்பரத்தைக் கூட்டும். எண்ணைக் குழப்பிவிடுவதுதான் நோக்கம். இன்னும் துணிந்தவர்கள் பொருளை வாங்கிப் பிரித்துப் பார்த்து, முதலில் நாடு முழுக்க இறக்கிவிடுவார்கள். உள்ளிருந்தும் குழப்பம் வரும். மேலிடம் கவனிக்கிறது என்று தெரிந்தால் விற்பனைப் பிரதிநிதிகள் அந்த ஊரில் மட்டும் இருமடங்கு உழைப்பார்கள், கடைக்காரரைக் கெஞ்சி முன்வரிசையில் அடுக்குவார்கள். நாடு முழுவதும் அந்த உழைப்பு கிடைக்காது, அதனால் அந்த எண்ணும் கிடைக்காது.

இந்தச் செலவெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு. மாவு பாக்கெட்டோ மசாலாப் பொடியோ செய்பவர் இதையே சின்ன அளவில் செய்யலாம். ஒரே தெருவில் இல்லாமல் வெவ்வேறு விதமான ஆட்கள் வரும் நாலைந்து கடைகளைத் தேர்ந்தெடுத்து, பின்னால் விற்கப் போகும் அதே விலையில் கொடுங்கள். அறிமுக விலை வைத்தால் பதிலும் அறிமுக விலைக்கானதாகத்தான் இருக்கும். முதல் முறை சரக்கைக் கடையில் வைக்க நீங்கள் பேசலாம். அது தீர்ந்தபின் போன் செய்யாதீர்கள். கடைக்காரர் தானாக அழைத்து இன்னும் அனுப்பு என்கிறாரா, அவர் அழைக்கும் இடைவெளி மாதத்துக்கு மாதம் சுருங்குகிறதா நீள்கிறதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். மூன்றாவது நான்காவது அழைப்புகளுக்கு இடையிலான நாள்களைப் பார்த்தபின் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினால் போதும்.